முள் வட்டத்துக்குப் பதில் ஒரு பட்டை: புல்லட் சார்ட் வரையும் முறை

வண்டியின் வேகமானியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அறிக்கையிலும் அதே போன்ற முள் வட்டம் இருந்தால் பிடித்துப்போகிறது. நானும் ஒரு காலத்தில் மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் ஆறு வட்டங்களை வரிசையாக வைத்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, நடுவில் கறுப்பு முள். பக்கம் அழகாகவே இருந்தது. அதைப் பார்த்த மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இலக்குக்கு எவ்வளவு குறைகிறது?" ஆறு வட்டங்களில் ஒன்றுகூட அதற்குப் பதில் சொல்லவில்லை. முள் மஞ்சளில் நிற்கிறது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

வேகமானியில் முள் ஓயாமல் அசைகிறது. ஓட்டுநர் அரை விநாடி பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்புகிறார். முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்தால் அவருக்குப் போதும். மாத அறிக்கையில் முள் அசைவதே இல்லை. அங்கே வேண்டியது இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள தூரம்: நடந்தது எவ்வளவு, நடக்க வேண்டியது எவ்வளவு. அந்தத் தூரத்தைக் கோணமாகக் காட்டுவதைவிட நேர்க்கோட்டில் காட்டினால் கண் துல்லியமாக அளக்கிறது. வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் வெளியிட்ட ஆய்விலும், ஒரே அளவுகோலில் இரண்டு புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதுதான் மனிதர்கள் மிகக் குறைந்த பிழையுடன் செய்யும் வேலையாக இருந்தது. கோணத்தை ஒப்பிடுவது அதற்குக் கீழேதான் வந்தது.

இந்த நேர்க்கோட்டு வடிவத்தை டாஷ்போர்டுகளில் முள் வட்டத்துக்கு மாற்றாகவே வடிவமைத்தவர் ஸ்டீபன் ஃபியூ. புல்லட் கிராஃப் என்பது அவர் வைத்த பெயர். புல்லட் சார்ட் என்றும் சொல்கிறார்கள்.

உறுப்புகள்

ஒரு புல்லட் சார்ட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் அகலமான பின்னணிப் பட்டைகள். ஒரே நிறத்தின் அடர்த்தி மாறுபாடுகளாக, எந்த அளவு மோசம், எந்த அளவு பரவாயில்லை, எந்த அளவு நன்று என்று காட்டுபவை. அதன்மேல், நடுவில் ஒல்லியான ஓர் அளவுப் பட்டை. நடந்த அளவு அதன் நீளம். இவற்றுக்குக் குறுக்கே ஒரு சிறு கோடு, அது இலக்கு. இடப்புறம் பெயரும் அலகும், கீழே எண்கள் இட்ட அளவுகோலும் வந்தால் படம் முடிந்தது.

விகிதங்களைத் தொடக்கத்தில் அப்படியே பின்பற்றுங்கள்: அளவுப் பட்டையின் தடிமன் பின்னணியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, இலக்குக் கோட்டின் உயரம் பின்னணியின் உயரத்தில் சுமார் 60 சதவீதம். இது வெறும் அழகுக்கான கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். இலக்கைத் தாண்டிய ஒரு மாதத்தில் காரணம் புரிந்தது. அளவுப் பட்டை இலக்கின்மேல் ஏறிப் போகும்போது, கோடு பட்டையைவிட உயரமாக இருந்தால்தான் மேலும் கீழும் எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் பட்டைக்குள்ளேயே மறைந்துவிடும்.

படத்துக்கு முன் காகிதத்தில்

ஓர் உதாரணத்தோடு போவோம். வாடிக்கையாளர் உதவிப் பிரிவு ஒன்றின் மாத அறிக்கை. அந்த மாதம் தீர்க்கப்பட்ட புகார்கள் 410; இலக்கு 450. இவ்வளவும் கையில் இருக்கிறது. ஆனால் சார்ட் வரைய இன்னும் இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, அளவுகோல் எதில் தொடங்கி எதில் முடிகிறது. இரண்டு, பின்னணிப் பட்டைகளின் எல்லைகள்.

அளவுகோல் சுழியத்தில் தொடங்கட்டும். மேல் எல்லை, இலக்குக்கும் சற்று மேலே, நல்ல மாதத்தில் எட்டக்கூடிய அளவாக இருந்தால் போதும். இங்கே 500. இதை 1000 என்று வைத்தால் 410-க்கும் 450-க்கும் உள்ள இடைவெளி பாதியாகச் சுருங்கிவிடும்.

பட்டைகளின் எல்லைகள்தான் உண்மையில் கடினமான பகுதி. 300-க்குக் கீழே மோசம், 300 முதல் 400 வரை பரவாயில்லை, அதற்குமேல் நன்று என்று இங்கே வைத்துக்கொள்வோம். இந்த 300-ம் 400-ம் எங்கிருந்து வந்தன? படம் வரைபவர் மனத்திலிருந்து வரக்கூடாது. அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கப்போகிறவரிடம் கேளுங்கள்: "எந்த அளவுக்குக் கீழே போனால் நீங்கள் கூட்டம் கூட்டுவீர்கள்?" அவர் சொல்லும் எண்தான் முதல் எல்லை. யாராலும் எல்லை சொல்ல முடியாவிட்டால் பட்டைகளே வேண்டாம். வெறும் அளவுப் பட்டையும் இலக்குக் கோடும் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கற்பனை எல்லைகளோடு கூடிய மூன்று சாம்பல் நிறங்கள், இல்லாத ஒரு தீர்ப்பை இருப்பதாகக் காட்டும்.

இப்போது இடத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். முள்ளின் நீளம் 4 செ.மீ. உள்ள அரைவட்டத்தில், 0 முதல் 500 வரையிலான அளவுகோலில், 40 புகார்களின் வித்தியாசம் 14.4 பாகைதான்; வளைவின் மேல் அளந்தால் ஏறத்தாழ 1 செ.மீ. அந்த வட்டம் 8-க்கு 4 செ.மீ., அதாவது 32 சதுர செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்கிறது. 15 செ.மீ. நீளமும் 1 செ.மீ. உயரமும் கொண்ட புல்லட் சார்ட்டில் அதே வித்தியாசம் 1.2 செ.மீ. எடுக்கும் இடம் 15 சதுர செ.மீ. பாதிக்கும் குறைவான இடத்தில், வளையாத கோட்டில், சற்றுப் பெரிய இடைவெளி.

எக்செல்லில் முதல் சார்ட்

நிமிர்ந்த வடிவத்தில் தொடங்குவது எளிது. ஒரு வெற்றுத் தாளில் இப்படி எழுதுங்கள். B1-இல் தலைப்பு, அதன் கீழே ஐந்து வரிகள்:

```
            புகார்கள்
மோசம்        300
பரவாயில்லை   100
நன்று         100
நடந்தது       410
இலக்கு        450
```

இரண்டாவது, மூன்றாவது வரிகளைக் கவனியுங்கள். எல்லைகள் 300, 400, 500 என்றாலும் எழுதியிருப்பது 300, 100, 100. இவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பட்டைகள் என்பதால் ஒவ்வொன்றின் தடிப்பைத்தான் கொடுக்க வேண்டும். எல்லைகளையே கொடுத்துவிட்டால் அடுக்கு 1200 வரை ஏறும். 410 என்ற பட்டை கீழே குட்டையாக நிற்கும். புதியவர்கள் செய்யும் பிழைகளில் இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கண்டுபிடிப்பது எளிது: அடுக்கின் உச்சி அளவுகோலின் மேல் எல்லையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து `Insert` பகுதியில் `Stacked Column` வகையைச் சொடுக்குங்கள். ஒரே அடுக்குக்குப் பதிலாக ஐந்து தனித்தனித் தூண்கள் வந்து நிற்கக்கூடும். அப்படி வந்தால் `Chart Design` பகுதியில் உள்ள `Switch Row/Column` பொத்தானை அழுத்துங்கள். ஐந்தும் ஒரே தூணாக அடுக்கப்படும்.

அடுத்து `Change Chart Type` திறந்து, கீழே `Combo` என்பதற்குச் செல்லுங்கள். மோசம், பரவாயில்லை, நன்று மூன்றும் `Stacked Column` ஆகவே இருக்கட்டும். நடந்தது என்பதை `Clustered Column` ஆக்கி `Secondary Axis` பெட்டியில் குறியிடுங்கள். இலக்கை `Line with Markers` ஆக்கி அதற்கும் `Secondary Axis` குறியிடுங்கள். இலக்குக்கு அந்தக் குறியை விட்டுவிட்டால் சில மாதங்கள் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இரண்டாம் அச்சில் உள்ளவை முதல் அச்சில் உள்ளவற்றின் மேல் வரையப்படும் என்பதால், என்றைக்கு நடந்த அளவு இலக்கைத் தாண்டுகிறதோ அன்று பட்டை இலக்குக் கோட்டின் நடுப்பகுதியை மூடிவிடும்.

இப்போது படத்தின் இருபுறமும் இரண்டு அச்சுகள் இருக்கும். இரண்டும் வெவ்வேறு அளவில் இருக்கும் என்பதே இங்குள்ள பெரிய ஆபத்து. இடப்பக்கம் 600 வரை, வலப்பக்கம் 500 வரை என்று எக்செல் தானாக வைத்துவிட்டால், 410 என்ற பட்டை பின்னணியில் 490-க்கு அருகே போய் நிற்கும். பார்ப்பவர் ஏறத்தாழ 490 புகார்கள் தீர்ந்துவிட்டன என்று நினைப்பார். படத்தில் பிழை இருப்பதற்கான எந்த அறிகுறியும் தெரியாது. ஆகவே இடப்பக்க அச்சை இருமுறை சொடுக்கி `Minimum` 0, `Maximum` 500 என்று கையால் எழுதுங்கள். பிறகு வலப்பக்க அச்சைத் தேர்ந்தெடுத்து Delete விசையை அழுத்தி நீக்கிவிடுங்கள். அச்சு நீங்கியதும் அதைச் சார்ந்திருந்த பட்டையும் கோடும் இடப்பக்க அளவுகோலையே எடுத்துக்கொள்ளும். வலப்பக்க அச்சின் எழுத்துகளை மட்டும் மறைத்துவிட்டால் போதாது; அளவுகோல் மறைவாக அங்கேயே இருக்கும்.

தடிமனுக்கு வருவோம். பின்னணிப் பட்டை ஒன்றை வலச் சொடுக்கி `Format Data Series` திறந்து `Gap Width` 50 சதவீதம் என்று வையுங்கள். நடந்தது பட்டைக்கு 350 சதவீதம். எக்செல்லில் இடைவெளி என்பது பட்டையின் அகலத்தில் எத்தனை மடங்கு என்ற கணக்கு. 50 என்றால் பட்டைக்குக் கிடைப்பது 1-ஐ 1.5-ஆல் வகுத்த பங்கு. 350 என்றால் 1-ஐ 4.5-ஆல் வகுத்த பங்கு. இரண்டாவது முதலாவதில் சரியாக மூன்றில் ஒன்று.

இலக்கைத் தேர்ந்தெடுத்து `Marker` பகுதியில் `Built-in` வகைகளிலிருந்து நீளமான கிடைக்கோட்டை எடுத்து, பின்னணியின் அகலத்தில் சுமார் 60 சதவீதம் வரும்வரை `Size` எண்ணை ஏற்றுங்கள். இதில் ஒரு குறை உண்டு. இந்தக் குறியின் அளவு புள்ளிக் கணக்கில் நிலையானது. படத்தைப் பெரிதாக்கினால் பட்டைகள் விரியும், இலக்குக் கோடு விரியாது. படத்தின் இறுதி அளவை முதலில் முடிவு செய்துவிட்டு இதைக் கடைசியில் சரிசெய்யுங்கள்.

நிறம்: மோசம் என்பதற்கு அடர்ந்த சாம்பல், நன்று என்பதற்கு வெளிறிய சாம்பல், நடந்ததுக்கும் இலக்குக்கும் கறுப்பு. சிவப்பு, மஞ்சள், பச்சை போடக் கை பரபரக்கும். போடாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு அது உதவாது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் எல்லாம் கலங்கிவிடும். அதைவிட முக்கியமாக, பின்னணி கத்தத் தொடங்கினால் நடுவிலுள்ள மெல்லிய பட்டையை யாரும் பார்க்கமாட்டார்கள்.

படுத்த வடிவம்

பல அளவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க வேண்டுமானால் படுத்த வடிவமே நல்லது; பெயர்கள் இடப்புறம் நேராக வாசிக்கக் கிடைக்கும். எக்செல்லில் இது சற்று முரண்டு பிடிக்கும். கோட்டு வகை எப்போதும் இடமிருந்து வலமாகவே ஓடும் என்பதால், படுத்த பட்டைகளோடு சேர்த்தால் இலக்கு தவறான இடத்தில் போய் விழும். சிதறல் புள்ளியாக மாற்றி, அதற்கென ஓர் அச்சு வைத்துச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பைத்தான் தெரிந்தவர்களுக்கு மேட்பிளாட்லிப்பில் பத்தே வரிகள்:

```python
import matplotlib.pyplot as plt

fig, ax = plt.subplots(figsize=(6, 1.1))
for end, shade in [(500, "0.90"), (400, "0.78"), (300, "0.64")]:
    ax.barh(0, end, height=0.9, color=shade)
ax.barh(0, 410, height=0.3, color="black")
ax.vlines(450, -0.27, 0.27, color="black", linewidth=3)
ax.set_xlim(0, 500)
ax.set_yticks([])
plt.tight_layout()
plt.show()
```

இங்கே எல்லைகளே நேராக வருகின்றன; 300, 100, 100 என்ற வித்தியாசங்கள் இல்லை. காரணம், பட்டைகள் அடுக்கப்படவில்லை. மூன்றும் சுழியத்திலேயே தொடங்கி ஒன்றை ஒன்று மூடுகின்றன. அதனால் பெரியது முதலில் வர வேண்டும். வரிசையைத் திருப்பிவிட்டால் 500 வரை நீளும் வெளிறிய பட்டை மற்ற இரண்டையும் விழுங்கிவிடும்; பின்னணி முழுவதும் ஒரே நிறமாகத் தெரிந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். `0.27` என்ற எண் மையத்திலிருந்து மேலும் கீழும் போகும் தூரம்; மொத்தம் 0.54, அதாவது 0.9-இல் 60 சதவீதம்.

குறைவாக இருந்தால் நல்லது என்னும் அளவுகள்

அதே பிரிவின் இரண்டாவது அளவு: புகார் வந்ததிலிருந்து முதல் பதில் போகும்வரை ஆகும் சராசரி நேரம். இந்த மாதம் 38 நிமிடம், இலக்கு 30. இங்கே பட்டை நீண்டால் கெட்ட செய்தி.

அளவுகோலை 0 முதல் 60 வரை வைத்து, 25 வரை நன்று, 25 முதல் 40 வரை பரவாயில்லை, அதற்குமேல் மோசம் என்று பிரிப்போம். அடர்ந்த நிறம் மோசம் என்ற வழக்கத்தை மாற்றக் கூடாது. அது இப்போது வலக்கோடியில் வரும். எக்செல் அட்டவணையில் மேலிருந்து கீழாக 25, 15, 20 என்று எழுதி, முதலாவதுக்கு வெளிறிய நிறம் கொடுங்கள். மேட்பிளாட்லிப்பில் 60-க்கு அடர் நிறம், 40-க்கு நடு நிறம், 25-க்கு வெளிறியது, அளவுகோல் 60 வரை.

நிறம் திரும்பியது மட்டும் வாசகருக்குப் போதுமா? என் அனுபவத்தில் போதாது. புகார் எண்ணிக்கையும் பதில் நேரமும் அடுத்தடுத்து இருந்தால், இரண்டாவதில் பட்டை இலக்கைத் தாண்டியிருப்பதைப் பார்த்து ஒருவராவது மகிழ்ந்துவிடுகிறார். அதனால் இவ்வகை அளவுகளைத் தனிக் கூட்டமாகப் பிரித்துக் கீழே வைக்கிறேன். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் "குறைவே நல்லது" என்று எழுதிவிடுகிறேன்.

இரண்டையும் ஒரே சார்ட்டில் அடைக்க, எல்லாவற்றையும் இலக்கின் சதவீதமாக மாற்றலாமே என்று தோன்றும். 410-ஐ 450-ஆல் வகுத்தால் 91 சதவீதம். 38-ஐ 30-ஆல் வகுத்தால் 127 சதவீதம். எண்கள் அருகருகே வந்துவிட்டன, பொருள்தான் போய்விட்டது. 127 என்பது சாதனைபோல ஒலிக்கிறது. 38 நிமிடம் என்பது யாரோ ஒருவர் காத்திருந்த நேரம். ஒவ்வோர் அளவுக்கும் அதன் அலகோடு தனி அளவுகோல் கொடுத்து, படங்களின் நீளத்தை மட்டும் ஒன்றாக வையுங்கள்.

சுழியத்தில் தொடங்காத அளவு

மூன்றாவது, திருப்தி மதிப்பெண். 1 முதல் 5 வரை போடுகிறார்கள். இந்த மாதம் 4.2, இலக்கு 4.5. எல்லா மாதமும் 3.5-க்கு மேலேயே இருப்பதால், வித்தியாசம் தெரிய அளவுகோலை 3.5-இல் தொடங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அப்படிச் செய்தால் பட்டையின் நீளம் 0.7, இலக்கின் தூரம் 1.0. கண்ணுக்கு 30 சதவீதம் குறைவாகத் தெரியும். உண்மையில் குறைவது 7 சதவீதத்துக்கும் கீழே. பட்டை தன் நீளத்தால் பேசுவது. அதன் அடியை வெட்டினால் பொய் பேசும்.

அளவுகோலைக் குறுக்கியே ஆக வேண்டுமென்றால் பட்டையை எடுத்துவிட்டு, நடந்த அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். புள்ளிக்கு நீளம் இல்லை, இடம் மட்டுமே உண்டு. மேட்பிளாட்லிப்பில் நடந்ததற்கான `barh` வரிக்குப் பதிலாக `ax.plot(4.2, 0, "ko")` என்று எழுதி, அளவுகோலை `ax.set_xlim(3.5, 5)` ஆக்கி, இலக்கை 4.5-க்கும் பின்னணி எல்லைகளை அந்த மதிப்பெண்ணுக்கு உரியவையாகவும் மாற்ற வேண்டும்.

மாத நடுவில் பார்க்கும்போது

புல்லட் சார்ட் ஒரு கணத்தின் படம். போன மாதத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று அதனிடம் கேட்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு கோட்டு வரைபடம் வேண்டும்.

ஆனால் தினமும் திறந்து பார்க்கும் டாஷ்போர்டில் வேறொரு சிக்கல் வருகிறது. 30 நாள் மாதத்தின் பத்தாம் நாளில் 160 புகார்கள் தீர்ந்திருக்கின்றன. சார்ட்டில் அது அடர்ந்த சாம்பலுக்குள் குட்டையாகக் கிடக்கும். உண்மையில் அன்றைக்குள் 150 போதும், பிரிவு சற்று முந்தியே ஓடுகிறது. மாதத்தின் முதல் இரண்டு வாரங்களும் இந்தச் சார்ட் எல்லோரையும் வீணாகத் திட்டிக்கொண்டிருக்கும். அதனால் மாத இலக்கான 450-இல் உள்ள கோட்டை அப்படியே விட்டு, அன்றைய நாளுக்குரிய 150-இல் இன்னொரு மெல்லிய கோடு சேர்க்கிறேன்:

```python
ax.vlines(450 * 10 / 30, -0.27, 0.27, color="black", linewidth=1)
```

பின்னணிப் பட்டைகளையும் நாளுக்கு நாள் விரியவிட்டுப் பார்த்தேன். தினமும் நிறங்கள் இடம் மாறியதில் நானே குழம்பினேன். இப்போது மாத நடுவில் பட்டைகளை நீக்கிவிட்டு இரண்டு கோடுகளை மட்டும் வைத்திருக்கிறேன். மாதம் முடிந்த அறிக்கையில்தான் சாம்பல் நிறங்கள் திரும்ப வருகின்றன.